கொட்டேஷன் போய் ஒரு வாரம் ஆகிவிட்டது, பதில் இல்லை

ஒரகடத்திலோ வல்லம் வடகாலிலோ உள்ள ஒரு தொழிற்சாலைக்கு கொட்டேஷன் அனுப்பி எட்டு, ஒன்பது நாள் ஆகிறது. பதில் இல்லை. வாலாஜாபாத் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் பலர் இந்த நேரத்தில் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். சிலர் "வேணும்னா அவங்களே கூப்பிடட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். மற்றவர்கள் காலையும் மாலையும் போன் போட்டு, எடுக்காவிட்டால் வாட்ஸ்அப்பில் ஒரு கேள்விக்குறியை அனுப்புகிறார்கள். இரண்டுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான் இருக்கிறது: பதில் வராததை 'வேண்டாம்' என்ற பதிலாக எடுத்துக்கொள்வது. அது பெரும்பாலும் தவறான கணக்கு. காரணம் தெரிய, உங்கள் கொட்டேஷன் அந்தக் கம்பெனிக்குள் என்ன பாடுபடுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

உற்பத்திப் பிரிவிலோ மெயின்டனன்ஸிலோ ஒருவருக்கு ஒரு பொருள் தேவைப்படுகிறது. அவர் ரெக்விசிஷன் போடுகிறார். அது பர்ச்சேஸுக்கு வருகிறது. பர்ச்சேஸ் அதிகாரி வழக்கமாக மூன்று பேரிடம் ரேட் கேட்கிறார். மூன்றும் வந்ததும் யூசர் டிபார்ட்மென்டிடம் காட்டி, தொழில்நுட்பரீதியாக இது சரியா என்று ஒப்புதல் வாங்குகிறார். பிறகு மூன்றையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாகப் போட்டு கம்பேரிட்டிவ் ஸ்டேட்மென்ட் தயாரிக்கிறார். விலை, வரி, லாரி வாடகை, டெலிவரி நாள், பணம் தரும் கெடு, கொட்டேஷன் செல்லுபடியாகும் தேதி என்று கட்டங்கள் இருக்கும். அதன்பின் பேரம், மேலதிகாரியின் கையெழுத்து, கடைசியில் பர்ச்சேஸ் ஆர்டர். தலைமையகம் வெளிநாட்டில் இருக்கும் கம்பெனி என்றால் தொகை பெரிதாகும்போது இன்னும் ஒரு படி கூடலாம்.

இந்த வழியில் எங்கே வேண்டுமானாலும் காகிதம் நிற்கும். மூன்றாவது ஆளின் கொட்டேஷன் இன்னும் வரவில்லை என்பதே போதும். உங்களுடையது முதல் நாளே வந்திருந்தாலும் அந்த ஆளுக்காகக் காத்திருக்கும். யூசர் டிராயிங்கை மாற்றிக்கொண்டிருப்பார். பட்ஜெட் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போயிருக்கும். நீங்கள் புது ஆள் என்றால் வெண்டார் கோடு இல்லாமல் ஆர்டர் போட முடியாது, அதற்கான காகிதங்களை உங்களிடம் கேட்க யாருக்கும் நேரம் இருந்திருக்காது. இவை எதிலும் உங்கள் விலை பற்றிய தீர்ப்பு இல்லை. விலை அதிகம் என்று ஒதுக்கப்பட்டிருப்பதும் நடக்கும். பழைய சப்ளையருடன் பேரம் பேச உங்கள் ரேட்டை வாங்கி வைத்துக்கொள்வதும் நடக்கும். ஆனால் வெளியில் நின்று பார்க்கும்போது இவை எல்லாமே ஒரே மாதிரிதான் தெரியும்.

ஆகவே நினைவூட்டலின் வேலை அதிகாரியை அவசரப்படுத்துவது அல்ல. காகிதம் எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கிருந்து அது நகர, உங்கள் பக்கத்திலிருந்து ஏதாவது கொடுப்பது. கொடுக்க ஒன்றும் இல்லையென்றால், அவர் ஒரே வரியில் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி கேட்பது.

உதாரணத்துக்கு ஒரு பட்டறையை வைத்துக்கொள்வோம். வாலாஜாபாத்தில் வெல்டிங், ஃபேப்ரிகேஷன் வேலை. ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனி, லைனுக்குப் பொருள் தள்ளிச் செல்ல 20 ட்ராலிக்கு ரேட் கேட்கிறது. 40-க்கு 40, 2 மில்லிமீட்டர் கனமுள்ள சதுரக் குழாய், பி.யூ. சக்கரம், பவுடர் கோட்டிங். ஒன்றுக்கு ₹11,800 வீதம் மொத்தம் ₹2,36,000, ஜி.எஸ்.டி. தனி. கொட்டேஷன் 3-ம் தேதி செவ்வாய்க்கிழமை மெயிலில் போகிறது. 20-ம் தேதி வரை செல்லும் என்று போட்டிருக்கிறது. இன்று 12-ம் தேதி, வியாழக்கிழமை.

எழுத உட்காரும் முன் பத்து நிமிடம் உங்கள் பக்கத்தைப் பாருங்கள். மெயில் உண்மையில் போய்ச் சேர்ந்ததா? ஜிப் ஃபைலாக இணைத்திருந்தால் கம்பெனி சர்வர் அதைத் தடுத்திருக்கலாம். ரேட்டை போர்ட்டலில் ஏற்றச் சொல்லியிருந்து நீங்கள் மெயிலில் மட்டும் அனுப்பியிருந்தால், அவர்கள் கணக்கில் நீங்கள் கொட்டேஷனே தரவில்லை. டிராயிங்கின் ரிவிஷன் எண்ணைக் குறிப்பிட்டிருக்கிறீர்களா? பிறகு, அந்த கம்பேரிட்டிவ் தாளை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் கொட்டேஷனை வாசியுங்கள். எந்தக் கட்டம் காலியாக நிற்கும்? ஒரு கட்டம் காலியாக இருந்தால் அதிகாரி உங்களைக் கேட்டுத்தான் நிரப்ப வேண்டும். மேசையில் நாற்பது ரெக்விசிஷன் இருக்கும் ஒருவர் அந்த வேலையை நாளைக்குத் தள்ளுவார், மறுநாளும் தள்ளுவார். நம் பட்டறைக்காரர் பார்க்கிறார்: லாரி வாடகை சேர்ந்ததா, தனியா என்று எழுதவே இல்லை. விலை போடும்போது சேர்த்துத்தான் போட்டிருந்தார், எழுத விட்டுப்போயிற்று.

இதுதான் அவர் அனுப்ப வேண்டிய செய்திக்கு உயிர். மெயில் இப்படிப் போகலாம். வடநாட்டு அதிகாரி என்றால் இதையே ஆங்கிலத்தில் எழுதுவீர்கள். அளவும் வரிசையும் மாறக்கூடாது.

"வணக்கம் சார். 20 ட்ராலிக்காக 3-ம் தேதி அனுப்பிய எங்கள் கொட்டேஷன் எண் 47 தொடர்பாக எழுதுகிறேன். அதில் லாரி வாடகை பற்றிக் குறிப்பிட விட்டுப்போயிற்று. உங்கள் ஸ்டோர்ஸ் வரை கொண்டுவந்து இறக்குவது அதே விலையில் அடக்கம். ஆர்டர் கிடைத்து 18 நாளில் 20 ட்ராலியும் தருவோம். டிராயிங்கில் யூசர் ஏதாவது மாற்றம் கேட்டிருக்கிறார்களா? இந்த வேலை இப்போதைக்கு இல்லை என்றாலும் ஒரு வரி சொன்னால் போதும், சார். நன்றி."

பழைய மெயிலுக்கே பதிலாக இதை அனுப்ப வேண்டும். தலைப்பில் Re: என்று வரும், கீழே பழைய மெயில் தொங்கும், அதிகாரி தேட வேண்டியதில்லை. தேட வைக்கும் மெயில் பிறகு பார்க்கலாம் என்ற பட்டியலில் சேர்ந்துவிடும். பி.டி.எஃப்-ஐ மறுபடியும் ஒரு முறை இணைப்பதும் நல்லது, பதில் அனுப்பும்போது பழைய இணைப்பு கூடவே போகாது.

முதல் வாக்கியத்தில் பொருள், எண்ணிக்கை, தேதி, கொட்டேஷன் எண் நான்கும் வந்துவிட்டன. அடுத்த இரண்டும் காலிக் கட்டத்தை நிரப்புகின்றன. கேள்வி ஒன்றே ஒன்று. "எங்கள் கொட்டேஷன் என்ன ஆயிற்று?" என்று கேட்டால் அதிகாரியிடம் அதற்குப் பதில் இருக்காது, முடிவு அவர் கையில் மட்டும் இல்லை. டிராயிங் மாறியதா என்று கேட்டால் ஆம், இல்லை என்று சொல்லிவிடலாம். தெரியாவிட்டால் யூசரைக் கேட்க அது ஒரு காரணமாகும். அப்படிக் கேட்கும்போது காகிதம் நகரும். கடைசி வரி மிக முக்கியம். வேண்டாம் என்று சொல்வது அதிகாரிக்கும் சங்கடமான வேலை. அதைச் சுலபமாக்கிக் கொடுத்தால் உங்களுக்கு உண்மை கிடைக்கும், அந்தச் சக்கரத்தையும் குழாயையும் வேறு வேலைக்குத் திட்டமிடலாம்.

எதையும் விட்டிருக்கவில்லை, கொட்டேஷன் முழுமையாகத்தான் இருக்கிறது என்றால் லாரி வாடகை பற்றிய அந்த இரண்டு வாக்கியங்களையும் எடுத்துவிடுங்கள். நிரப்புவதற்காக ஒரு செய்தியைக் கண்டுபிடிக்க வேண்டாம். புது சப்ளையராக இருந்தால் அந்த இடத்தில், "வெண்டார் கோடுக்கு ஜி.எஸ்.டி. சான்று, பான், உத்யம் பதிவு, ரத்து செய்த காசோலை எல்லாம் தயாராக உள்ளன, அனுப்பட்டுமா?" என்று கேட்கலாம். அதுவும் ஒரே சொல்லில் பதில் சொல்லக்கூடிய கேள்விதான்.

இப்போது, எழுதத் தோன்றும், ஆனால் எழுதக்கூடாத இரண்டு விஷயங்கள். முதலாவது, "இரும்பு விலை ஏறுகிறது, சீக்கிரம் ஆர்டர் போடுங்கள்." இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தக் குழாய் மீட்டருக்கு ஏறக்குறைய 2.4 கிலோ. ஒரு ட்ராலிக்கு 15 மீட்டர் போகிறது என்றால் 36 கிலோ. கிலோவுக்கு 2 ரூபாய் ஏறினால் ட்ராலிக்கு 72 ரூபாய் கூடும். ₹11,800-ல் 72 ரூபாய்! பர்ச்சேஸ்காரருக்கு இந்தக் கணக்கு உங்களைவிட வேகமாக வரும். அவர் தினமும் பார்ப்பது இரும்பு விலைதான். பயமுறுத்தப் பார்த்தீர்கள் என்பது மட்டும் அவருக்கு நினைவிருக்கும். செல்லுபடியாகும் தேதி நெருங்கும்போது தேதியை மட்டும் சொல்லுங்கள், பயம் காட்டாதீர்கள். உண்மையான நெருக்கடி ஒன்று இருந்தால் அதைச் சொல்லலாம். ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் பவுடர் கோட்டிங் போடுகிற இடத்தில் வரிசை நீண்டிருக்கிறது, 18 நாள் 25 நாள் ஆகும் என்றால் அது அதிகாரியின் திட்டத்தை மாற்றும் செய்தி. அதை மறைப்பதுதான் தவறு.

இரண்டாவது, கேட்காமலே விலை குறைப்பது. பதில் வராத பதற்றத்தில், "வேணும்னா 5 சதவீதம் குறைச்சுக்கலாம் சார்" என்று விரல் தானாக அடித்துவிடும். இந்த வேலையில் 5 சதவீதம் என்பது சரியாக ₹11,800. அதாவது ஒரு ட்ராலியைச் சும்மா கொடுக்கிறீர்கள், அதுவும் விலைதான் தடை என்று தெரியாமலே. அதோடு முடியாது. பேரம் பேசி எவ்வளவு குறைத்தேன் என்று பர்ச்சேஸ்காரர் மேலே காட்ட வேண்டும். நீங்களாகக் குறைத்தது அவர் கணக்கில் வராது, அவருடைய பேரம் அந்தக் குறைந்த விலையிலிருந்து தொடங்கும். முதலில் போட்ட விலையில் காற்று இருந்தது என்ற சந்தேகமும் சேரும்.

எந்த நாளில் அனுப்புவது? ஒரு வாரம் என்பதை வேலை நாளாக எண்ணுங்கள். நடுவில் பொங்கலோ தீபாவளியோ ஷட்டவுனோ வந்தால் அந்த நாட்களை விட்டுவிடுங்கள். மாதக் கடைசி மூன்று, நான்கு நாள் பில், ஸ்டாக், கணக்கு முடிப்பு என்று பர்ச்சேஸும் ஸ்டோர்ஸும் மூழ்கிக் கிடக்கும்; அப்போது போகும் மெயில் அடியில் புதையும். திங்கள் காலையும் அப்படியே. வாரத்தின் நடுவில், காலை உற்பத்திக் கூட்டம் முடிந்து 11 மணி வாக்கில் என்பது என் விருப்பம். நம் பட்டறைக்காரரின் 12-ம் தேதி வியாழன் நல்ல நாள்.

முதல் நினைவூட்டலுக்கு மெயில்தான் ஏற்றது. அதிகாரி தன் வசதிக்குப் பார்க்கலாம், யூசருக்கு அப்படியே அனுப்பிவிடலாம். வாட்ஸ்அப்பில்தான் அவர் உங்களிடம் ரேட் கேட்டார் என்றால் வாட்ஸ்அப்பிலேயே எழுதுங்கள், வேலை நேரத்தில், ஒரே செய்தியாக. "சார்", "குட் மார்னிங் சார்", "ஒரு சின்ன விஷயம் சார்" என்று நான்கு துண்டாக அனுப்பினால் நான்கு முறை போன் அதிரும். நீல டிக் விழுந்தும் பதில் வரவில்லையே என்று அடுத்த செய்தியை அனுப்பாதீர்கள். படித்தார் என்பது அந்த டிக்குக்கு அர்த்தம், முடிவெடுத்தார் என்பதல்ல.

நம் ஊரின் இன்னொரு ஆபத்து அருகாமை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ நிசான் 2010-ல், டைம்லர் லாரி ஆலை 2012-ல் வந்தன. இப்படி வந்த ஆலைகளுக்குப் பொருள் கொடுக்கும் கம்பெனிகளும், அந்தக் கம்பெனிகளுக்கு வேலை செய்யும் நம் பட்டறைகளும் ஒரே சாலையோரத்தில் வளர்ந்தன. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் பைக்கை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் கம்பெனி வாசலில் நிற்கலாம். நேரில் போய் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரலாமே என்று தோன்றும். சொல்லாமல் போகாதீர்கள். செக்யூரிட்டி உள்ளே போன் போடுவார், அதிகாரி கூட்டத்திலிருந்து எழுந்து வர வேண்டும், அல்லது இல்லை என்று பொய் சொல்லச் சொல்ல வேண்டும். இரண்டில் எது நடந்தாலும் அடுத்த ரெக்விசிஷனில் உங்கள் பெயர் வரும்போது அவருக்கு அது நினைவு வரும். வேறு டெலிவரிக்காக அங்கே போகிறீர்கள் என்றால் முதல் நாளே, "நாளைக்கு 11 மணிக்கு ஸ்டோர்ஸுக்கு வர்றேன் சார், ட்ராலி விஷயமா அஞ்சு நிமிஷம் பார்க்க முடியுமா?" என்று கேட்டுவிட்டுப் போகலாம். அதேபோல, பதில் வரவில்லை என்று அவருடைய மேலாளரை மெயிலில் சேர்ப்பதும், யூசரிடம் தனியாகப் போய்ப் புகார் போலச் சொல்வதும் கதவை நீங்களே சாத்திக்கொள்வதாகும். யூசரிடம் டிராயிங் பற்றிப் பேசலாம். விலை, ஆர்டர் பற்றிய பேச்சு பர்ச்சேஸோடு நிற்கட்டும்.

மெயில் போன பிறகு வரும் பதில்கள் பெரும்பாலும் நான்கு வார்த்தைக்கு மேல் இருக்காது. அவற்றைப் படிக்கத் தெரிய வேண்டும். "அண்டர் ப்ராசஸ்" என்றால் வேலை உயிரோடு இருக்கிறது, தாள் எங்கோ நகர்கிறது. "நன்றி சார், அடுத்த வாரக் கடைசியில் கேட்கிறேன்" என்று எழுதி, சொன்ன நாளில் மட்டும் கேளுங்கள். "ஹோல்ட்" என்றால் பட்ஜெட் அல்லது யூசர். எந்த மாதம் திரும்ப எழுதலாம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். "ரேட் அதிகம்" என்பதுதான் உள்ளதில் நல்ல பதில், ஏனென்றால் உங்களை வைத்துக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள்.

அதற்கு உடனே குறைக்காமல், எந்த இடத்தில் அதிகம் என்று கேட்க வேண்டும். "மொத்த விலையிலா சார், இல்லை சக்கரம், கோட்டிங் மாதிரி ஏதாவது ஒரு ஐட்டத்திலா?" மற்றவர் நைலான் சக்கரத்துக்கு ரேட் போட்டிருக்கலாம், நீங்கள் பி.யூ. சக்கரத்துக்குப் போட்டிருக்கிறீர்கள். அப்போது இரண்டு விலையையும் எழுதிக் கொடுங்கள்: நைலான் போட்டால் இவ்வளவு, பி.யூ. போட்டால் இவ்வளவு, நைலான் கெட்டியானது, எப்பாக்சி தரையில் சத்தமும் கீறலும் வரலாம், யூசரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். பொருளை மாற்றி விலை குறைவது உங்கள் நம்பகத்தைக் குறைக்காது. அதே பொருளுக்குக் காரணமில்லாமல் குறைவதுதான் குறைக்கும்.

12-ம் தேதி மெயிலுக்கும் பதில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். 18-ம் தேதி புதன்கிழமை ஒரு போன். ஒரே முறை. எடுத்தால் முதலில், "சார், இப்போ ரெண்டு நிமிஷம் பேசலாமா?" இல்லை என்றால் எப்போது என்று கேட்டு வைத்துவிடுங்கள். பேசலாம் என்றால், "ட்ராலி கொட்டேஷன் சார், எண் 47. வெள்ளிக்கிழமையோட வேலிடிட்டி முடியுது. இதே ரேட்டை மாசக் கடைசி வரைக்கும் நீட்டித் தரணுமான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்." இதைவிடக் கண்ணியமாகத் தேதியை நினைவூட்ட வழி இல்லை. அவருக்கு அது பயன். தேதி முடிந்த கொட்டேஷனை வைத்து ஆர்டர் போட முடியாமல் மறுபடி எல்லாரிடமும் ரேட் கேட்க வேண்டி வரும். நீட்டுங்கள் என்று சொன்னால் வேலை நடக்கிறது என்று பொருள், அன்றே திருத்திய தேதியோடு மெயில் போகட்டும். போனை எடுக்கவில்லை என்றால் இதையே இரண்டு வரியில் மெயிலில் எழுதிவிட்டு நிறுத்துங்கள். வேறு நம்பரிலிருந்து முயற்சி செய்ய வேண்டாம்.

அதற்கும் மௌனம் என்றால் மூன்றாவதும் கடைசியுமான செய்தி. அடுத்த மாதம் முதல் வாரம் தாண்டியபின், மாதக் கணக்கு அமளி ஓய்ந்ததும் அனுப்பலாம்.

"வணக்கம் சார். ட்ராலி கொட்டேஷன் எண் 47-ஐ எங்கள் பக்கம் முடித்து வைத்துக்கொள்கிறோம். தேவை திரும்ப வந்தால் டிராயிங் எண்ணை மட்டும் அனுப்புங்கள், ஒரே நாளில் அன்றைய ரேட் தருகிறோம். நன்றி."

இதில் வருத்தமோ குத்தலோ ஒரு சொல்லில்கூட எட்டிப் பார்க்கக் கூடாது. 'பலமுறை எழுதியும்' என்று தொடங்கினால் கெட்டது. சில நேரம் இந்தச் செய்திக்குத்தான் முதல் பதிலே வரும்: "க்ளோஸ் பண்ணாதீங்க, அப்ரூவல்ல இருக்கு." வராவிட்டாலும் அடுத்த ரேட் கேட்கும்போது உங்களை அழைக்க அவருக்குத் தயக்கம் இருக்காது.

இவ்வளவையும் தலையில் வைத்துக்கொள்ள முடியாது. ஒரு நோட்டில் ஒரு கொட்டேஷனுக்கு ஒரு வரி போதும்: எண், கம்பெனி, அனுப்பிய தேதி, செல்லும் தேதி, அடுத்து எழுத வேண்டிய தேதி. அடுத்து எழுத வேண்டிய தேதி வராத வரை அந்த அதிகாரிக்கு எதுவும் அனுப்பாதீர்கள். பதற்றத்தில் அனுப்பும் செய்திகளை இந்த ஒரு கட்டம் தடுத்துவிடும்.

இரண்டு, மூன்று மாதம் கழித்து திடீரென்று, "அந்த ட்ராலிக்கு பி.ஓ. போடலாமா, அதே ரேட்தானே?" என்று போன் வருவதும் உண்டு. சந்தோஷத்தில் உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள். "இன்னிக்கு சாயங்காலம் உறுதி பண்ணி மெயில் போடறேன் சார்" என்று சொல்லுங்கள். குழாய், சக்கரம், கோட்டிங் மூன்றுக்கும் அன்றைய விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். டிராயிங்கின் ரிவிஷன் எண்ணைக் கேட்டு, உங்களிடம் இருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இடைப்பட்ட காலத்தில் சக்கரத்தின் அளவோ ஷெல்ஃப் எண்ணிக்கையோ மாறியிருக்கக்கூடும். அதன்பின் பழைய எண்ணிலேயே, எண் 47, ரிவிஷன் 1 என்று புதிய தேதியோடு கொட்டேஷனை அனுப்புங்கள். விலை மாறாவிட்டாலும் அனுப்புங்கள். ஆர்டரில் அவர்கள் குறிப்பிட வேண்டியது அந்த எண்ணையும் அந்தத் தேதியையும்தான்.